அப்பா வீட்டை நான் வைத்துக்கொண்டு அக்கா, தம்பிக்குப் பணம் கொடுப்பது: எவ்வளவு, எந்தப் பத்திரம்?

உறையூர்வாசி

அப்பா 2019-ல் உயில் எழுதாமல் காலமானார். திருச்சி உறையூரில் அவர் சுயசம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. மனை முக்கால் கிரவுண்ட், 1,800 சதுர அடி. கீழ்த்தளம் அவர் 1988-ல் கட்டியது. மாடியை 2022-ல் நான் என் பணத்தில் கட்டினேன். அம்மா, என் குடும்பம் எல்லோரும் அங்கேதான் இருக்கிறோம். அக்கா தஞ்சாவூரில், தம்பி சிங்கப்பூரில்.

வீட்டை விற்க யாருக்கும் மனசில்லை. நானே வைத்துக்கொண்டு அவர்கள் பங்குக்குப் பணம் கொடுத்துவிடுவது என்று பேசியிருக்கிறோம். மாடியை விட்டுவிட்டு, மனையும் கீழ்த்தளமும் 80 லட்சம் போகும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அது போக அப்பா பெயரில் வங்கி வைப்புத்தொகை 16 லட்சம் இருக்கிறது, அதற்குத் தம்பி நாமினி. அம்மா தன் பங்கு எனக்கே என்கிறார். நான் எவ்வளவு கொடுக்க வேண்டும்? என் கையில் 15 லட்சம் இருக்கிறது, மிச்சத்துக்கு வங்கிக் கடன் போடலாம் என்று இருக்கிறேன்.

பாலக்கரை முத்து

இதில் குழப்பமே இல்லை நண்பா. மூன்று பிள்ளைகள், வீட்டை மூன்றால் வகுங்கள். ஆளுக்கு 26 லட்சத்து 67 ஆயிரம். அதையும் மார்க்கெட் விலையில் கொடுக்க வேண்டியதில்லை. அரசாங்க வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள், உங்கள் பக்கம் பாதிதான் இருக்கும். பத்திரத்தில் போடப்போவது அதுதானே, அதை வைத்தே பிரித்துக்கொள்ளுங்கள். டெபாசிட் தம்பிக்கு, அவர்தானே நாமினி. எங்கள் சித்தப்பா வீட்டில் இப்படித்தான் முடித்தார்கள், ஒரு பிரச்சினையும் வரவில்லை.

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

முத்து தம்பி, அம்மாவை எங்கே விட்டீர்கள்? உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமபங்கு. இங்கே நான்கு பங்கு. மகள், மகன் என்ற வித்தியாசம் கிடையாது, கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்பதும் பொருட்டில்லை.

நாமினி விஷயமும் அப்படித்தான். வங்கி யார் கையில் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீரும் என்பதற்குத்தான் நாமினி. தம்பி அதை வாங்கி எல்லா வாரிசுகளுக்கும் பிரித்துத் தரக் கடமைப்பட்டவர்.

உறையூர்வாசி சார், வீட்டை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். அப்பா விட்டுப்போனது எல்லாவற்றையும் ஒரே குவியலாக வையுங்கள். 80-ம் 16-ம் சேர்ந்து 96 லட்சம், ஒரு பங்கு 24. அம்மா தன் பங்கை உங்களுக்குத் தந்தால் உங்களுக்குச் சேர வேண்டியது 48. நீங்கள் எடுத்துக்கொள்ளும் வீடு 80. ஆக உங்கள் பங்குக்கு மேல் 32 லட்சம் அதிகமாக எடுக்கிறீர்கள், அந்த 32-தான் நீங்கள் வெளியே கொடுக்க வேண்டிய சரிக்கட்டும் பணம். டெபாசிட்டை அக்காவும் தம்பியும் ஆளுக்கு 8 எடுத்துக்கொள்ள, நீங்கள் ஆளுக்கு 16 கொடுத்தால் அவர்களுக்கு 24 ஆகிவிடும்.

முத்து சொன்ன கணக்கில் டெபாசிட் முழுக்கத் தம்பிக்குப் போய், அம்மா இல்லவே இல்லாமல் போய்விடுகிறார். சிக்கல் வரவில்லை என்கிறார். யாரும் கேட்கும்வரை வராதுதான்.

ஒரு கேள்வி. அப்பா இறந்தபோது அவருடைய அம்மா, உங்கள் பாட்டி, உயிரோடு இருந்தாரா?

மணிமேகலை_தஞ்சை

நான் அந்த அக்காவின் இடத்தில் இருப்பவள், அதனால் எழுதுகிறேன். எங்கள் அண்ணன் வீட்டை வைத்துக்கொண்டார். எனக்கு 11 லட்சம் என்று பேச்சு. 3 லட்சம் கொடுத்தார், மீதி அறுவடை முடிந்ததும், அப்புறம் மாடி வாடகை வந்ததும் என்றார். கையெழுத்து அன்றைக்கே போட்டேன், அண்ணன்தானே என்று. பத்திரத்தில், "மேற்படி தொகை முழுவதையும் இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு, இனி இச்சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை" என்று இருந்தது. வாசித்துத்தான் காட்டினார்கள். அது வழக்கமான வரி என்று எழுதியவர் சொன்னார்.

இப்போது அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லை. வக்கீலிடம் போனால் அவர் முதலில் படிப்பது அந்த ஒரு வரியைத்தான். உறையூர்வாசி அண்ணா, நீங்கள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் அக்காவை அந்த வரியில் கையெழுத்துப் போட வைத்துவிடாதீர்கள்.

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

அம்மா, உங்களுக்கு நடந்தது எங்கள் தொழிலில் வாரம் ஒருமுறை பார்க்கிற விஷயம். அந்த வரி மாதிரிப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கும், பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி அச்செடுத்துவிடுவார்கள். உங்களிடம் 3 லட்சம் மட்டும் வந்ததற்கான வங்கிக் கணக்கு, அண்ணன் "மீதி தருகிறேன்" என்று எழுதிய செய்தி ஏதாவது இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். பெறுமானத்தில் பாக்கி இருக்கிறது என்று சாட்சியம் காட்ட வழி உண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை முழுக்க உங்கள் தலையில். காலக்கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும், சீக்கிரம் பாருங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பங்குக்கு மேல் சொத்து எடுத்தவர் மற்றவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நீதிமன்றங்கள் வெறும் கைமாற்றுக் கடனாகப் பார்ப்பதில்லை. 1957-ல் சுவாமிநாத உடையார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது, நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்குதான். பாகப்பிரிவினையில் ஒருவர் கூடுதலாக எடுத்த சொத்தின் மீதே அந்தப் பணத்துக்கான பொறுப்பு நிற்கிறது. பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தாலும் சரி, எழுதாமல் விட்டாலும் சரி, பிரிவினையின் தன்மையிலிருந்தே அது வரும். சொத்தின் மீது பொறுப்பாக இருக்கிற பணத்தை வசூலிக்க 12 வருடம் கெடு, வெறும் கடன் என்றால் 3 வருடம்தான். வித்தியாசம் புரிகிறதா?

ஆனால் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பாக்கியே இல்லாத இடத்தில் பொறுப்பு எதன் மீது நிற்கும்? அதனால்தான் அந்த வரி அத்தனை ஆபத்து. தவணை என்றால் தவணை என்றே எழுதுங்கள்: இன்று இவ்வளவு, இந்த வரைவோலை எண்; மீதி இவ்வளவு, இன்ன தேதிக்குள்; அதுவரை இந்தச் சொத்தின் மீது பொறுப்பு. அது வில்லங்கச் சான்றில் ஏறும். கடைசித் தவணை கொடுத்ததும் ஒரு ரசீதுப் பத்திரம் பதிந்து பொறுப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். வீட்டை வைத்திருப்பவருக்கும் இது நல்லது, பிற்பாடு விற்கும்போது வில்லங்கத்தில் தொங்கிக்கொண்டு இருக்காது.

உறையூர்வாசி

பாட்டி அப்பாவுக்குப் பிறகு, 2021-ல்தான் காலமானார். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரும் இருக்கிறது. ஏன் கேட்டீர்கள்? மணிமேகலை அக்கா, அந்த வரி விஷயம் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

நான் பயந்தது அதுதான். அப்பா இறந்த நாளில் அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகுப்பு வாரிசு. அந்த நிமிடமே வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு பாட்டிக்குப் போய்விட்டது. அவர் பிறகு இறந்ததால் அந்தப் பங்கு மறைந்துவிடாது, அவருடைய வாரிசுகளுக்கு இறங்கும். தாத்தா இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பாவோடு பிறந்தவர்கள் யார்?

உறையூர்வாசி

தாத்தா முன்பே போய்விட்டார். ஓர் அத்தை மட்டும், கரூரில் இருக்கிறார்.

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

அப்படியானால் நான் மேலே போட்ட கணக்கு செல்லாது. மறுபடி போடுவோம்.

அப்பாவின் சொத்து ஐந்து பங்கு: அம்மா, நீங்கள் மூவர், பாட்டி. பாட்டியின் ஒரு பங்கில் பாதி அத்தைக்கு. மறுபாதி உங்கள் அப்பாவின் கிளைக்கு, அதாவது பாட்டிக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகளான உங்கள் மூவருக்கு. இந்தப் பாதியில் உங்கள் அம்மாவுக்குப் பங்கு வராது, மருமகள் அந்த வரிசையில் இல்லை. மொத்தத்தை முப்பதாக வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு 6, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 7, அத்தைக்கு 3. கூட்டிப் பாருங்கள், 30 வரும்.

96 லட்சத்தில் அம்மாவுக்கு 19.2, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 22.4, அத்தைக்கு 9.6. அம்மா உங்களுக்குத் தந்தால் உங்கள் பக்கம் 41.6. வீடு 80. நீங்கள் கொடுக்க வேண்டியது 32 இல்லை, 38.4 லட்சம்.

பணத்தைவிட முக்கியம் கையெழுத்து. அத்தை கையெழுத்தில்லாத பத்திரத்தில் பத்தில் ஒரு பங்கு வெளியே நிற்கும். வங்கியின் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்த மறுநிமிடம் பாட்டியின் இறப்புச் சான்றும் பாட்டிக்கு வாரிசுச் சான்றும் கேட்பார். இப்போதே விண்ணப்பித்து விடுங்கள்.

நாகூர் அன்சாரி

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டிலும் இதே நிலைமை, வாப்பா தவறிவிட்டார். உம்மா, நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு தங்கை. மேலே சொல்கிற சமபங்கு எங்களுக்கும் பொருந்துமா?

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

பொருந்தாது பாய். உங்களுக்கு ஷரியத் சட்டம். பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. 80 லட்சம் வீடு என்று வைத்தால் உம்மாவுக்கு 10, நீங்கள் இருவரும் ஆளுக்கு 28, தங்கைக்கு 14. கடனும் அடக்கச் செலவும் கழித்த பிறகுதான் இந்தப் பங்கு. வாப்பாவின் தாய் தந்தை யாராவது அப்போது இருந்திருந்தால் இந்தக் கணக்கும் மாறும். பங்குதான் வேறு. கொடுக்கிற முறையும், தவணை போட்டால் எழுத வேண்டியதும் ஒன்றேதான்.

ஆடிட்டர் வசந்தி

வழிகாட்டி மதிப்பைப் பற்றி முத்து சொன்னதற்கு வருகிறேன். வழிகாட்டி மதிப்பு அரசு முத்திரைத் தீர்வை வாங்குவதற்கு வைத்த அளவு. பங்கு விடுகிறவருக்குச் சேர வேண்டியது வீடு இன்று சந்தையில் பெறக்கூடிய விலையின் பங்கு. அக்காவும் தம்பியும் தெரிந்தே குறைத்து வாங்கிக்கொண்டால் அது அவர்கள் மனசு. தெரியாமல் வாங்கினால் பின்னால் மனக்கசப்பு.

பத்திரத்தில் குறைத்து எழுதி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பதிலும் பெரிய லாபமில்லை. தமிழ்நாட்டில் குடும்பத்தாருக்குள் ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணத்துக்கு 10,000. அக்கா, தம்பி இருவர் பங்கையும் வீட்டின் பாதி என்று தோராயமாக 40 லட்சத்துக்கு ஒரே பத்திரத்தில் காட்டினால் தீர்வை 40,000. வழிகாட்டி மதிப்பில் பாதியாகக் குறைத்துக் காட்டினால் 20,000. இந்த இருபதாயிரத்துக்காக, வங்கியில் போன லட்சக்கணக்கான பணத்துக்குப் பத்திரத்தில் ஆதாரமே இல்லாமல் செய்துகொள்வீர்களா?

ரொக்கமாகவும் வேண்டாம். சொத்து கைமாறுவதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பாலக்கரை முத்து

சரிங்க மேடம், அம்மா பங்கையும் நாமினி விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மார்க்கெட் விலை என்பதே ஆளுக்கு ஆள் மாறும். புரோக்கரைக் கேட்டால் ஒரு கோடி என்பான், நிஜமாக விற்கப் போனால் எழுபதுக்கு வாங்க ஆள் இருக்காது. வைத்துக்கொள்கிறவர் ஏன் புரோக்கர் விலை கொடுக்க வேண்டும்? தவிர, விற்றிருந்தால் தரகு போயிருக்கும், விற்க ஒரு வருடம் ஆகியிருக்கும்.

ஆடிட்டர் வசந்தி

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைக்கச் சொல்கிறோம். நீங்கள் ஒருவரை வையுங்கள், அக்காவும் தம்பியும் சேர்ந்து ஒருவரை வைக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் முடிவு செய்யுங்கள். அதே தெருவில் கடந்த ஒரு வருடத்தில் பதிவான கிரயங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். வீட்டை எடுப்பவர் ஒரு விலை சொல்ல வேண்டும், அதே விலைக்கு மற்ற எவரும் அவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். குறைத்துச் சொன்னால் வீடு கையை விட்டுப் போய்விடும் என்பதால் சொன்ன விலை நியாயமாக வந்தது. ஆனால் எல்லோரிடமும் வாங்கும் வசதி இருந்தால்தான் இது சரிப்படும். உங்கள் அக்காவுக்கு அந்த வசதி இல்லையென்றால் இது அவருக்கு அநியாயமாகிவிடும்.

மாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே, அதைத்தான் உங்கள் அக்கா வீட்டுக்காரர் முதலில் கேட்பார்.

உறையூர்வாசி

கேட்டுவிட்டார். "பொது மனையில் கட்டினால் கட்டடம் பொதுதான், எங்களிடம் யார் அனுமதி கேட்டீர்கள்?" என்கிறார். கட்ட 14 லட்சம் ஆனது. அந்த 14 லட்சத்தையும் அவர்கள் பங்கிலிருந்து கழிக்கலாமா?

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. மனையோடு ஒட்டிய கட்டடம் எல்லோருடையதும்தான். ஆனால் பிரிவினை என்று வரும்போது, பங்குதாரர் ஒருவர் நல்லெண்ணத்தோடு தன் செலவில் செய்த கட்டுமானத்தை, முடிந்தவரை அவர் பக்கமே ஒதுக்கி, அதன் மதிப்பைப் பங்குக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நீதிமன்ற வழக்கம். இங்கே வீடே உங்களுக்கு வருகிறது. அதனால் மாடியைச் சேர்க்காமல் 80 என்று மதிப்புப் போட்டதோடு உங்கள் நியாயம் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் 14 லட்சத்தையும் கழித்தால் இரண்டு தரம் கழித்ததாகிவிடும்.

மாடியையும் சேர்த்து மொத்த வீட்டுக்கு மதிப்புப் போட்டால் மட்டும் கழியுங்கள். அப்போதும் 2022-ல் செலவான தொகையைக் கழிக்கக் கூடாது, மாடி இருப்பதால் இன்று வீட்டின் விலை எவ்வளவு கூடியிருக்கிறதோ அதைத்தான்.

லிட்டில் இந்தியா குமார்

சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன், தம்பியின் நிலையில் இருப்பவன். நான் எங்கள் ஊர் வீட்டுக்கு விடுதலை எழுதிக் கொடுத்தேன். லீவு கிடைக்காததால் பவர் எழுதி அனுப்பினேன். இங்கே இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டு முத்திரை வாங்க வேண்டும். அது இந்தியா போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தீர்வை கட்டி ஏற்றுக்கொள்ள வைக்க வேண்டும். பவரைப் பணம் கொடுக்கிற அண்ணன் பெயருக்கே எழுதாதீர்கள் என்று இங்கே ஒருவர் சொன்னார், நான் மாமா பெயருக்கு எழுதினேன். பவரில் சொத்தின் விவரம், யாருக்கு விடுகிறோம், எவ்வளவு தொகை, எந்தக் கணக்கில் வர வேண்டும் எல்லாமே எழுதிவிட்டேன். பணம், வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்.ஆர்.ஓ. கணக்கில் வந்தது.

ஆடிட்டர் வசந்தி

குமார் சொன்னது உறையூர்வாசி கவனிக்க வேண்டிய ஒன்றுக்குக் கொண்டுபோய் விடுகிறது. தம்பி வரிச் சட்டத்தின்படி வெளிநாட்டில் வசிப்பவர். இந்தக் கைமாற்றம் சொத்து விற்பனை போன்றது என்று துறை எடுத்துக்கொண்டால், அவருக்குப் பணம் கொடுக்கும் நீங்கள்தான் முன்கூட்டியே வரி பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் கேள்வி உங்களிடம் வரும்.

இது விற்பனையா இல்லையா என்பதில்தான் விஷயமே. பிரிவினையில் ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டக் கொடுக்கும் பணத்துக்கு மூலதன ஆதாய வரி வராது என்று பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்மையான குடும்ப ஏற்பாட்டில் சொத்து கைமாறுவது வரிச் சட்டத்தில் சொல்லும் மாற்றம் ஆகாது என்று நம் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் நான், அப்பா விட்டுப்போன எல்லாவற்றையும், வீடு, டெபாசிட் இரண்டையும், ஒரே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் காட்டி, யாருக்கு எது ஒதுங்குகிறது, எவருக்கு எவ்வளவு சரிக்கட்டும் பணம் என்று எழுதச் சொல்வேன். அத்தையும் அதில் கையெழுத்திடட்டும்.

வெறும் வீட்டுக்குத் தனியே "இத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு என் பங்கை விட்டேன்" என்று விடுதலைப் பத்திரம் எழுதினால், படிக்கிற அதிகாரிக்கு அது பங்கை விற்றது போலத்தான் தெரியும்.

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

மேடம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நடைமுறையில் ஒரு சங்கடம். பாகப்பிரிவினையில் 1 சதவீதம், உச்சவரம்பு எல்லாம் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக வரும். தவிர, வெறும் பணம் மட்டும் வாங்குகிறவரைப் பாகப்பிரிவினையில் எப்படிக் காட்டுவது என்று சில பதிவு அலுவலகங்களில் கேள்வி கேட்பார்கள், விடுதலையாக எழுதிக்கொண்டு வாருங்கள் என்பார்கள். சார்பதிவாளரிடம் வரைவைக் காட்டிப் பேசிவிட்டு எழுதுவதுதான் உத்தமம். செலவு கொஞ்சம் கூடினாலும் வரிக்கு நல்லதென்றால் அது உங்கள் முடிவு.

கே.கே.நகர் சரவணன்

என் தங்கைக்கு இதே மாதிரி விடுதலைப் பத்திரத்தில் 28 லட்சம் கொடுத்தேன். ஒன்றரை வருடம் கழித்து வருமான வரித் துறையிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் வந்தது, ஆதாயம் ஏன் காட்டவில்லை என்று. குடும்ப ஏற்பாடு என்று பதில் எழுதினோம், இன்னும் முடியவில்லை. தங்கை என்னைக் கேட்கிறாள், வரி வந்தால் யார் கட்டுவது என்று. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. உறையூர்வாசி, இதை இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் வசந்தி

சரவணன் சார், சாதகமான தீர்ப்புகள் இருந்தாலும் நோட்டீஸே வராது என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உங்கள் தங்கை விஷயத்தில், பத்திரத்துக்கு முன்னால் குடும்பமாக உட்கார்ந்து பேசி எழுதிய ஏதாவது குறிப்பு இருந்தால் அதைப் பதிலோடு வையுங்கள், நிறைய உதவும். ஒருவேளை ஆதாயம் என்றே முடிவானாலும் 28 லட்சம் முழுவதற்கும் வரி இல்லை. 2001 ஏப்ரல் 1-ம் தேதிக்கு முன் அப்பா வாங்கிய சொத்தென்றால், அந்த 2001 ஏப்ரல் 1-ல் இருந்த சந்தை மதிப்பில் தங்கையின் பங்கைக் கழித்துத்தான் ஆதாயம்.

உறையூர்வாசி, தம்பிக்கு மட்டும் குறைந்த வரிப் பிடித்தச் சான்று வாங்கச் சொல்லுங்கள். அவர் விண்ணப்பிக்கலாம். அது கையில் இருந்தால் உங்களுக்கு நிம்மதி.

மணிமேகலை_தஞ்சை

எல்லோரும் பணத்தையே பேசுகிறீர்கள். அம்மா தன் பங்கை மகனுக்கு எழுதிக் கொடுத்த பிறகு அவர் நிலைமை என்ன? நாளை மருமகளோடு ஒத்துவரவில்லை என்றால்?

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

நல்ல கேள்வி கேட்டீர்கள் அம்மா. உறையூர்வாசி சார் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்வதில்லை.

அம்மா தன் பங்கை விடுதலையாக எழுதாமல் தான செட்டில்மெண்டாக எழுதலாம். அதில் ஆயுள் முழுக்கத் தரைத்தளத்தில் குடியிருக்கும் உரிமையைத் தனக்கு வைத்துக்கொள்ளலாம். கூடவே, மகன் உணவு, மருத்துவம், பராமரிப்புப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி, பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிள்ளை அதைச் செய்யாவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் வாதாடுவது கடினம்.

அக்காவும் தம்பியும்கூட இதைப் பார்த்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள். அம்மா பங்கு உங்களுக்கு மட்டும் போவதில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும்.

உறையூர்வாசி

கோபமில்லை ஐயா. அம்மாவிடம் சொன்னேன், அவரும் "இருக்கட்டும், எழுது" என்றார். இப்போது என் சிக்கல் வேறு. வங்கியில் கேட்டேன். 24 லட்சம் கடன் தருவதாகச் சொல்கிறார்கள், ஆனால் சொத்து முழுக்க என் பெயரில் வந்து வில்லங்கம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். அக்கா வீட்டுக்காரர் பணம் வந்தால்தான் கையெழுத்து என்கிறார். நீங்கள் சொன்ன பொறுப்பை எழுதினால் வங்கி தராது. எழுதாவிட்டால் அக்காவுக்குப் பாதுகாப்பில்லை.

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

இதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டையும் கலக்காதீர்கள். கடன் போடுவதென்றால் தவணை வேண்டாம், பொறுப்பும் வேண்டாம். பதிவு நாளன்றே எல்லோருக்கும் முழுப் பணம் கொடுக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். வங்கி அக்கா பெயரிலும் மற்றவர்கள் பெயரிலும் வரைவோலை எடுத்து, தன் ஆளையே பதிவு அலுவலகத்துக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. வரைவோலை எண்களைப் பத்திரத்தில் எழுதி, கையெழுத்து ஆகும் மேஜையில் கொடுத்து, பதிந்த பத்திரத்தை வங்கி ஆள் நேரே வாங்கிப் போய்விடுவார். ஆனால் இதற்கு எல்லா வங்கியும் ஒப்பாது. கூடப் பிறந்தவர் பங்கை வாங்க வீட்டுக்கடன் கொடுக்கவே தயங்கும் வங்கிகள் உண்டு. இரண்டு மூன்று கிளைகளில் கேளுங்கள்.

வங்கி ஒத்துவராவிட்டால் கையில் இருக்கும் 15 லட்சத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்குத் தவணையும் பொறுப்பும் எழுதுங்கள். பொறுப்பு நிற்கும்வரை வீட்டின் மீது கடன் எதிர்பார்க்க வேண்டாம்.

உறையூர்வாசி

நேற்று கரூர் போய் அத்தையைப் பார்த்தேன். "எனக்கு எதுக்குடா காசு, அண்ணன் வீடு, பிள்ளைங்க எடுத்துக்கோங்க" என்றார். எழுதிக் கொடுக்கவும் தயார். ஆனால் என் பெயருக்கு மட்டும் விடுவதா, மூன்று பேருக்கும் விடுவதா என்று அக்கா கேட்கிறார். அத்தை எனக்கு மட்டும் விட்டால் நான் கொடுப்பது 28.8 லட்சமாகக் குறையும். மூவருக்கும் விட்டால் 35.2 வருகிறது.

பாலக்கரை முத்து

அத்தை கையெழுத்து உங்களைப் பார்த்துத்தானே போடுகிறார், உங்கள் பெயருக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

மணிமேகலை_தஞ்சை

"பிள்ளைங்க எடுத்துக்கோங்க" என்றுதானே அத்தை சொன்னார்? பிள்ளைகள் மூன்று பேர்.

ஆவண எழுத்தர் ராமலிங்கம்

அத்தையிடம் நீங்கள் மட்டும் இல்லாமல் அக்காவும் போனில் இருக்கும்போது ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதை எழுதுவோம். அத்தை வருவதற்குள் பாட்டியின் வாரிசுச் சான்றும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் கையில் இருக்கட்டும். மதிப்பு எந்தத் தேதிக்கு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தம்பியின் பவர் வர ஆறு மாதம் ஆனால் விலை ஏறிவிட்டது என்று யாரும் மறுபடி ஆரம்பிக்கக் கூடாது.